வலிக்காத நாளில் எதற்கு ஓய்வு? கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட மேலாளர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், ஒரே நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களுக்கும்,

வணக்கம். அரிவாள் செல் சோகை உள்ளவர்களோடு வேலை செய்யும் செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து எழுதுகிறோம். நம் பக்கம் எல்லோரும் ‘சிக்கிள்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அதே நோய்தான். இந்த நோயாளிகள் வார்டில் படுத்திருக்கும்போது அவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. வேலைக்குத் திரும்பி, பார்க்க நன்றாக இருக்கும் நாட்களில்தான் சந்தேகம் தொடங்குகிறது. ‘நேத்து நல்லாத்தானே பறிச்சா, இன்னைக்கு என்ன வந்துச்சு?’ என்ற கேள்வி இந்த மலையில் எத்தனை வாய்களிலிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உடலுக்குள் நடப்பது. ரத்தச் சிவப்பணு சாதாரணமாக வட்டமான தட்டுபோல, வளைந்து நெளியக்கூடியதாக இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய குழாயிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சிக்கிள் நோய் உள்ளவருடைய அணு, தான் சுமந்த ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் விறைத்து அரிவாள்போல வளைகிறது. விறைத்தவை ஒன்றோடொன்று சிக்கிக் குழாயை அடைத்துவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. அதுதான் வலி. முதுகு, இடுப்பு, தொடை, நெஞ்சு என எங்கும் வரலாம். வெளியே வீக்கமோ காயமோ இல்லாமலேயே வரலாம். இப்போது அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும்போதே கடுமையான வலி இருக்கலாம். எனவே வலியின் அளவை அறிய நோயாளியின் சொல்லைத்தான் மருத்துவரும் நம்புகிறார், வேறு அளவுகோல் இல்லை.

களைப்பு தனிக் கதை. நமக்கெல்லாம் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இவர்களுக்கு அது 10 முதல் 20 நாளிலேயே உடைந்துவிடுகிறது. உடல் எவ்வளவு வேகமாகப் புதியவற்றைச் செய்தாலும் ஈடுகட்ட முடியாமல் பலருக்கு ஹீமோகுளோபின் ஏழு, எட்டிலேயே நிற்கும். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். ‘பீட்ரூட் சாப்பிடு, இரும்புச்சத்து டானிக் குடி’ என்று அக்கறையாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை இல்லை. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் உடலில் இரும்பு தேங்கிக் கெடுதல்தான் ஆகும். உடையும் அணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறம்தான் இவர்கள் கண்ணில் தெரிவது. அதைப் பார்த்து, ஒட்டிக்கொள்ளும் காமாலை என்று பயந்து தனி டம்ளர் வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறவியிலேயே வரும் நோய் டம்ளர் வழியாக வராது.

இது நமக்குப் புதிய நோயும் இல்லை. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களைப் பரிசோதித்த லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதியது. அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பதாக வேறு மருத்துவர்கள் எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தேயிலைக் காட்டில் இந்த நோய்க்கு வழக்கில் இருக்கும் பெயர் ‘சோம்பேறித்தனம்’.

இனி நேற்று–இன்று கேள்விக்கு வருவோம். அணு எப்போது விறைக்கும் என்பதை நான்கைந்து காரணங்கள் தீர்மானிக்கின்றன: உடலில் தண்ணீர் குறைவது, குளிர், நனைந்த துணியோடு நிற்பது, மூச்சிரைக்கும் அளவுக்கு உழைப்பது, காய்ச்சல். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அடைப்புக்கு வாய்ப்பு கூடிவிடும். நேற்று வெயில், சமமான நிரை, குடிநீர் பக்கத்தில் இருந்தது. இன்று தேவாலாப் பக்கத்து ஆடி மழை, ஏற்றமான சரிவு, நனைந்த சாக்கு. ஆள் ஒருவர்தான், நாள்தான் வேறு. நோய் நாளுக்கு நாள் மாறுவதைப் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயின் குணமே அதுதான்.

இதிலிருந்துதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது பிறக்கிறது. இவர்களுக்குத் தேவையான ஏற்பாடுகள் வலி வந்த பிறகு உதவுபவை அல்ல. வலி முற்றிவிட்டால் படுக்கைதான், தோட்டத்தில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. தண்ணீர் குடிக்க நிற்பதும், மழையில் துணி மாற்றப் போவதும், மூட்டையைப் பாதியாக்கித் தூக்குவதும் உடம்பு நன்றாக இருக்கும் நாளில், வலி வராமல் இருப்பதற்காகச் செய்ய வேண்டியவை. பார்ப்பவருக்கு அது ‘நல்லா இருக்கறப்பவே உக்காந்துக்கறா’ என்று தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு உதாரணம். இருபத்தெட்டு வயதுப் பெண், ஹீமோகுளோபின் எட்டு, ஐந்து பேர் சேர்ந்து பறிக்கும் குழுவில் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வேலை காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை.

முதலில் தண்ணீர். பெரியவர்கள் நாளுக்கு மூன்று லிட்டர் அளவில் குடிக்கச் சொல்கிறோம். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களுடைய மருத்துவர் வேறு அளவு சொல்லியிருப்பார், அதுவே செல்லும். மூன்றில் ஒரு லிட்டரை வீட்டில் காலையும் இரவும் குடித்துவிடலாம். மீதி இரண்டு லிட்டரைக் காட்டில் குடிக்க வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் பத்து டம்ளர், கணக்கு சரியாக வரும். மத்தியானம் சோற்றோடு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பது அதற்கு ஈடாகாது, காலை முழுக்க உடல் காய்ந்திருந்திருக்கும். மழைக்காலத்தில் தாகமே எடுக்காது, அதனால் அப்போதுதான் அதிகம் தவறுகிறது. பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவது நல்லது.

அடுத்தது யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம், கழிப்பறை. சிக்கிள் நோயில் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடுகிறது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் நிறையப் போகும். நமக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரும் குறையும், இவர்களுக்குக் குறையாது. அதனால்தான் இவர்கள் சீக்கிரம் வறண்டுபோகிறார்கள். காட்டில் ஒதுங்க இடம் இல்லாத பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தும் ஒரு பெண் அடிக்கடி படுத்துவிடுகிறாள் என்றால், பாட்டில் மாலையில் எவ்வளவு மிச்சத்தோடு திரும்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே தெரியும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: அவளுக்கு லைன் வீட்டுக்கோ கழிப்பறைக்கோ பக்கத்தில் இருக்கும் நிரையை ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் போய்வருவாள்.

மேலாளர்களுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் இதையும் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் இடைவேளையும் கழிப்பறையும் சேர்ந்து நாளுக்கு நாற்பது நிமிடம் கூடுதலாகப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வேலை நாளுக்கு ஆயிரம் நிமிடம், அதாவது சுமார் பதினேழு மணி நேரம், இரண்டு நாள் வேலை. ஒரு கடும் வலித் தாக்குதல் வந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள் போகிறது, அதன் பிறகும் களைப்பு உடனே தீராது.

மழையும் குளிரும். குளிர் பட்டால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஓட்டம் மந்தமாகும், அணு அங்கேயே நின்று விறைக்கும். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாள் இருந்தாலும் முதுகும் காலும் நனையத்தான் செய்யும். ஒரு மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர், மாற்றிக்கொள்ள ஒரு மறைவான கூரை, இவ்வளவுதான் தேவை. எடை போடும் கொட்டகையில் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்தாலே போதும். நனைந்துவிட்டால் மாலை வரை காத்திருக்காமல் அப்போதே மாற்ற வேண்டும். வலிக்கிற இடத்தில் ஐஸ் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சிக்கிள் உள்ளவருக்கு அது நேர் எதிரான வேலை, வெந்நீர் ஒத்தடம்தான் சரி.

சுமை. கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் வைத்து ஏற்றத்தில் எடைக்குக் கொண்டுபோவதுதான் அன்றைய நாளின் மிகக் கடினமான பத்து நிமிடம். மூச்சிரைக்கும்போது அணுக்களில் ஆக்சிஜன் குறைகிறது, உடனே விறைக்கின்றன. இருபத்தைந்து கிலோவை ஒரு நடையில் கொண்டுபோவதற்குப் பதில் எட்டு, ஒன்பது கிலோவாக மூன்று நடையில் அனுமதியுங்கள். அல்லது வண்டி வரும் பாதையோரத்தில் அவள் சாக்கை வைக்கட்டும்.

உடன் பறிப்பவர்களின் எரிச்சலையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அதை வெறும் பொறாமை என்று ஒதுக்கினால் நாங்களும் தப்பு செய்தவர்களாவோம். எங்கள் உதாரணக் குழுவில் நால்வர் தலைக்கு 45 கிலோ பறிக்கிறார்கள், இவள் 20. மொத்தம் 200. பொதுவாகப் பங்கு பிரித்தால் தலைக்கு 40. அதாவது மற்ற நால்வரும் தினமும் ஐந்து கிலோவுக்கான கூடுதல் காசை இழக்கிறார்கள். நோயைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டு விளக்கினாலும் இந்த ஐந்து கிலோ இருக்கும்வரை சந்தேகம் போகாது. அவளுடைய எடையைத் தனியாகப் பதியுங்கள். குறைந்தபட்ச அளவை அவளுக்குத் தனியாக நிர்ணயிப்பதால் வரும் செலவைத் தோட்டம் ஏற்க வேண்டும், குழுவின் தலையில் கட்டக்கூடாது. பாதி இடங்களில் சண்டை இதோடு ஓய்ந்துவிடும்.

‘லேசான வேலை தருகிறோம்’ என்று சொல்லும் மேலாளர்களுக்கு நன்றி. ஆனால் எது லேசு என்பதில் அடிக்கடி தவறு நடக்கிறது. ஃபாக்டரிக்குள் என்றால் சுகம் என்று நினைத்து உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் வியர்த்து வறண்டுபோவாள், வெளியே வந்ததும் குளிர் அடிக்கும். நாற்றங்காலில் உட்கார்ந்து பை நிரப்புவது நல்ல வேலை, ஈரமண்ணில் வெறுங்கையோடு நாள் முழுக்க உட்கார வைக்காதவரை. முதுகில் டேங்க் கட்டி மருந்தடிப்பதும் கவாத்தும் வேண்டவே வேண்டாம். காய்ந்த தூளில் நார் பொறுக்குவது, பதிவேடு எழுதுவது, குழந்தைகள் காப்பகம் ஆகியவை பொருந்தும். பலர் கொழுந்து பறிப்பதையே விரும்புவார்கள், மேலே சொன்ன மாற்றங்களோடு அதையே செய்யவும் முடியும். எனவே முடிவு செய்வதற்கு முன் அவளிடம் கேளுங்கள்.

இனி நோய் உள்ளவர்களுக்கு. மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது என்று எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். எல்லா வலியையும் ஒன்றுவிடாமல் சொன்னால் கேட்பவருக்கு ‘இவளுக்கு எல்லாமே வலிக்குது’ என்றுதான் மனதில் நிற்கும். ஹீமோகுளோபின் பாடமும் எடுபடாது. என்ன வேண்டும், எவ்வளவு நேரம், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று மட்டும் போதும். வலியில் இருக்கும்போது பேசாதீர்கள், நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஆள் கூடாத நேரத்தில் பேசுங்கள். இப்படி:

‘மேஸ்திரி அண்ணா, எனக்கு சிக்கிள் இருக்குது. முக்கா மணிக்கு ஒருக்கா தண்ணி குடிக்கணும், நாளுக்கு மூணு நாலு தடவ பாத்ரூம் போகணும். ரோட்டுப் பக்கத்து நிரைய எனக்குக் குடுத்தீங்கன்னா பத்து நிமிசத்துல வந்துருவேன். இத விட்டா ஒரு வாரம் ஆசுபத்திரியில கெடப்பேன், வேலையும் போகும்.’

‘எனக்கும்தான் இடுப்பு ஒடியுது, நான் உக்காந்தேனா?’ என்று பக்கத்து நிரை அக்கா கேட்பார். கேட்கத்தான் செய்வார், அவர் இடுப்பும் உண்மையிலேயே வலிக்கிறது. யார் வலி பெரிது என்ற போட்டிக்குள் போகாதீர்கள். ‘உங்களுக்கும் வலிக்கும்க்கா, இல்லைங்கல. நான் வலிக்குதுன்னு உக்காரல, வலி வந்துரக் கூடாதுன்னு தண்ணி குடிக்கறேன்’ என்றால் போதும். அதற்கு மேல் ஒவ்வொருவரிடமும் நோயை நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. யாரிடம் சொல்வது என்பதும் உங்கள் விருப்பம், ஆனாலும் பக்கத்து நிரையில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது பாதுகாப்பு.

மருத்துவமனைக் கடிதத்திலும் ஒரு குறை நடக்கிறது, அதில் எங்கள் பங்கும் உண்டு. ‘அரிவாள் செல் சோகை, லேசான வேலை தரவும்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மேஸ்திரிக்கு அதிலிருந்து எதுவும் புரியாது. இனி வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு நடையில் எத்தனை கிலோ வரை தூக்கலாம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர், நனைந்தால் என்ன செய்வது, எந்த வேலைகள் கூடாது, பரிசோதனைக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை வர வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுபவர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் ஒரு முறையும், அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்த அணுக்களை எண்ண வேண்டும். அந்த மாத்திரை தாக்குதல்களைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. பலன் தெரியச் சில மாதம் ஆகும். ‘மாத்திரைதான் சாப்பிடறாளே, அப்புறம் என்ன’ என்பதற்கு இதுவே பதில்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் அட்டவணையில் அரிவாள் செல் நோய் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு நிறுவனங்கள் நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இதில் அடங்கும். சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் பொறுப்பை 21ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் வைக்கிறது. அடையாள அட்டைக்கு swavlambancard.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். வேலைவாய்ப்பில் உள்ள நான்கு சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதை எதிர்பார்த்து அலையாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மேலாளர்களுக்கு. பரிசோதனை முகாம்களில் தரும் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். அதில் ‘கேரியர்’ என்று இருப்பவருக்கு ஒரு மரபணுதான் மாறியிருக்கிறது. பொதுவாக அவருக்கு இந்த வலியும் சோகையும் இருக்காது, மற்றவர்களைப் போலவே வேலை செய்வார். நோய் உள்ளவரும் அட்டையைக் காட்டினால் வேலை போகும் என்று பயந்தால் மறைத்துவிடுவார், பிறகு மழையில் நனைந்துகொண்டே பறிப்பார்.

கடைசியாக, காட்டில் வலி வந்துவிட்டால். அவளுக்கே முதலில் தெரியும், பெரும்பாலும் வழக்கமாக வலிக்கும் இடத்திலேயே தொடங்கும். வேலையை நிறுத்தி, கூரைக்கு அடியில் உட்காரவைத்து, ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர் கொடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை அவள் பையில் இருக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பலாம், துணைக்கு ஒருவர் போகட்டும். குறையவில்லை என்றால் மருத்துவமனை. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், இடது விலாவுக்குக் கீழ் வயிறு வீங்கினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் எந்த வலிக்கும் அப்படியே. ஆம்புலன்ஸ் வரும் பாதைக்கு அவளை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

அவள் திரும்பி வரும்போது முதல் மூன்று நாள் அரைநாள் வேலை கொடுங்கள். முதல் நாளே பழைய நிரையில் நிறுத்தியவர்கள் அதே வாரத்தில் மறுபடி வார்டுக்கு வருவதை நாங்கள் பார்க்கிறோம்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு டிவிஷனிலும் துணி மாற்ற ஒரு மறைவு, வெந்நீருக்கு ஒரு அடுப்பு, தனி எடைப் பதிவுக்கு ஒரு நோட்டு, இந்த மூன்றையும் தயார் செய்துவிடுங்கள். மேஸ்திரிகளுக்கு அரைமணி நேரம் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், காலையில் மஸ்டர் எடுக்கும் நேரத்துக்கே நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியாற்றும் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள்